24 அடிக்குள் 12-உம் 11-உம் அடங்கவில்லை: ஸ்கெட்சில் உள்ளதை வரைவதா, திருப்பிக் கேட்பதா?

காட்பாடி வரைமேசை

வணக்கம். ஓர் இன்ஜினியரிடம் வேலை பார்த்துவிட்டு, மூன்று ஆண்டுகளாக வீட்டிலிருந்தே சிறு பில்டர்களுக்கும் மேஸ்திரிகளுக்கும் பிளான் வரைந்து கொடுக்கிறேன். எனக்கு வருவது பெரும்பாலும் வாட்ஸ்அப்பில் ஒரு புகைப்படம்தான். நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் போட்ட கட்டம், சாய்வாக எடுத்த படம், மடிப்பு விழுந்த இடத்தில் ஓர் எண் காணாமல் போயிருக்கும்.

இப்போது கையில் இருக்கும் வேலை இது. காட்பாடிப் பக்கம் 30-க்கு 40 மனை, கிழக்குப் பார்த்த வீடு. வடக்கிலும் தெற்கிலும் 3 அடி சந்து விட்டு, வீட்டின் அகலம் 24 என்று மேஸ்திரி மேலே எழுதியிருக்கிறார். உள்ளே ஹால் 12, அதை ஒட்டிப் பெட்ரூம் 11. சமையலறை 8.6. படிக்கட்டுக்கு ஒரு பெருக்கல் குறி மட்டும். இதுவரை ஐந்து முறை வரைந்துவிட்டேன். பெட்ரூம் முதலில் 11, பிறகு 10.6, மறுபடியும் 11. தள உயரம் 10.6 என்றார், நேற்று 11 என்கிறார். பேசிய தொகை ஆரம்பத்தில் எவ்வளவோ அதே தொகைதான் இன்றும்.

நான் கேட்பது இரண்டு. ஸ்கெட்ச் தெளிவாக இல்லாதபோது எங்கே தொடங்க வேண்டும்? அளவு மாறிக்கொண்டே இருந்தால் எங்கே நிறுத்த வேண்டும்?

பாலாற்று மணல்

அக்கா, நான் ஆற்காட்டில் வரைகிறேன். இதற்கு ஒரே வழி சென்டர் லைன். அறை அளவு எதையும் எழுதாதீர்கள். சுவரின் நடுக்கோட்டிலிருந்து அடுத்த சுவரின் நடுக்கோடுவரை மட்டும் கொடுத்துவிட்டால் மேஸ்திரிக்குக் குழப்பமே வராது. கடைக்கால் தோண்டுவதும் அதை வைத்துத்தானே. உங்கள் கணக்கில் ஹால் 12 அடி, வெளிச்சுவரில் பாதி நாலரை அங்குலம், உள்சுவரில் பாதி இரண்டேகால். ஆக 12 அடி 6¾ அங்குலம். அதை எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

பழைய டிரேசிங் தாள்

காட்பாடி சகோதரிக்கு. ராணிப்பேட்டையில் மைப்பேனாவும் டிரேசிங் தாளுமாக வரைமேசையில் நின்றவன் நான், பிறகு கம்ப்யூட்டருக்கு மாறினேன். கோடு போடுவதற்கு முன்னால் ஒரு கூட்டல் போட்டுப் பாருங்கள். உங்கள் ஸ்கெட்ச் அங்கேயே நின்றுவிடுகிறது.

ஹால் 12, பெட்ரூம் 11, சேர்த்தால் 23. இரண்டு பக்கமும் 9 அங்குல வெளிச்சுவர், நடுவில் நாலரை அங்குலச் சுவர். மூன்று சுவரும் சேர்ந்து 22½ அங்குலம், அதாவது 1 அடி 10½ அங்குலம். மொத்தம் 24 அடி 10½ அங்குலம் வருகிறது. அவர் எழுதியது 24. பத்தரை அங்குலம் போக இடமில்லை. இதில் எந்த எண் உறுதி, எந்த எண் விட்டுக்கொடுக்கும் என்பது மேஸ்திரிக்கும் வீட்டுக்காரருக்கும் மட்டுமே தெரியும். நீங்களாக முடிவு செய்தால் அது ஊகம். ஐந்து முறை வரைந்ததற்குக் காரணம் அந்த ஊகமாகத்தான் இருக்கும் என்று எனக்குப் படுகிறது.

அதனால் பிளான் அனுப்பாதீர்கள், ஒரே கேள்வியை அனுப்புங்கள். "வீட்டு அகலம் 24-ஐ மாற்றக் கூடாது என்றால் பெட்ரூம் 10 அடி 1½ அங்குலம் வரும். பெட்ரூம் 11 கட்டாயம் என்றால் ஹால் 11 அடி 1½ அங்குலம். இரண்டும் அப்படியே வேண்டும் என்றால் தெற்குச் சந்து 2 அடி 1½ அங்குலமாகக் குறையும். எது?" இப்படிக் கேட்டால் அவர் பதில் சொல்லியே ஆக வேண்டும். "அளவு சரியா பாருங்கள்" என்று கேட்டால் "சரிதான் அம்மா" என்றுதான் வரும்.

இன்னொன்று. சமையலறை 8.6 என்றால் 8 அடி 6 அங்குலமா, எட்டு புள்ளி ஆறு அடியா? நம் பக்கத்து மேஸ்திரிகள் எழுதும் புள்ளி, அடிக்கும் அங்குலத்துக்கும் நடுவே போடும் தடுப்பு. அதை அப்படியே தசமமாகக் கணினியில் கொடுத்தால் 8 அடி 7¼ அங்குலம் விழும். ஓர் அறையில் ஒன்றேகால் அங்குலம் சிறிதாகத் தெரியும். நாலு அறையைத் தொடர்ந்து வைத்தால் ஒரு சுவரின் கனம் காணாமல் போய்விடும்.

பாலாற்றுத் தம்பி சொன்ன நடுக்கோடு கடைக்காலுக்குச் சரி. ஆனால் பில்லர் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். வெளிச்சுவர் 9 அங்குலம், பில்லரின் அகலமும் 9 அங்குலம் என்றால் இரண்டுக்கும் ஒரே நடு. உள்சுவர் நாலரை அங்குலம். அங்கே 9 அங்குலப் பில்லரைச் சுவரோடு ஒரு முகம் சமமாக வைத்து, துருத்தும் பக்கத்தைப் பீரோ வரும் அறைக்குள் தள்ளுவார்கள். அப்போது பில்லரின் நடுவும் சுவரின் நடுவும் 2¼ அங்குலம் விலகுகின்றன. நீங்கள் ஒரே கோடு கொடுத்தால் கொத்தனார் இரண்டுக்கும் அதையே எடுப்பார். ஒரு தாளில் பில்லர் நடுக்கோடு, இன்னொரு தாளில் சுவருக்குச் சுவர் உள்ளளவு. இரண்டும் வேண்டும்.

பாலாற்று மணல்

உள்சுவர் விஷயம் நான் யோசிக்கவில்லை, ஐயா. இதுவரை நான் கொடுத்த பிளான்களில் அது எப்படிப் போயிருக்கும் என்று இப்போது கவலையாக இருக்கிறது. ஒன்றைத் திறந்து பார்க்கப் போகிறேன்.

ஆம்பூர் வீடு

எனக்கும் இதே பிரச்சினைதான். பத்திரத்தில் மனை நீளம் 40 அடி. காம்பவுண்டு கட்டும்போது அளந்தால் 39 அடி 3 அங்குலம்தான் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் நகர்ந்து வரவில்லை என்கிறார். அளவு மாறிக்கொண்டே இருந்தால் பட்டாவை எப்படித் திருத்துவது? வரைபவர்கள் இதற்குச் சான்று தருவீர்களா?

சத்துவாச்சாரி சிவில்

ஆம்பூர் நண்பரே, இங்கே பேசுவது பிளான் அளவு. உங்களுடையது எல்லைப் பிரச்சினை. நில அளவைக்கு மனு கொடுத்து, அரசு நில அளவர் வந்து அளந்தால்தான் தீரும். வரைபவர் யாரும் அதற்குச் சான்று தர முடியாது.

பழைய டிரேசிங் தாள்

அவர் கேட்டது வேறு என்றாலும் நான் கேட்க மறந்ததை நினைவூட்டிவிட்டார். சகோதரி, அந்த 30-க்கு 40 யார் அளந்தது? நீங்களா, மேஸ்திரியா, பத்திரமா? மூலைவிட்டம் எடுத்தார்களா?

காட்பாடி வரைமேசை

ஐயா, பத்திரத்தில் உள்ளதைத்தான் மேஸ்திரி எழுதினார். நானும் அதையே நான்கு நேர்கோடாகப் போட்டேன். மூலைவிட்டம் யாரும் எடுக்கவில்லை.

இன்னொன்றையும் இங்கேயே ஒப்புக்கொள்கிறேன். பெட்ரூம் 11-லிருந்து 10.6 ஆனபோது நேரம் இல்லாமல் சுவரை நகர்த்தாமல் அளவு எண்ணை மட்டும் அடித்து மாற்றிவிட்டேன். திரும்ப 11 என்றபோது எந்தச் சுவர் எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை.

பழைய டிரேசிங் தாள்

அதை இனி ஒருபோதும் செய்யாதீர்கள். கோபமாகச் சொல்லவில்லை, கவலையாகச் சொல்கிறேன். கோடு ஒன்று சொல்லி எண் ஒன்று சொன்னால், அந்தக் கோப்பை வைத்து இன்ஜினியர் பில்லர் வைப்பார், கம்பி வேலைக்காரர் நீளம் எடுப்பார். எல்லாரும் நம்புவது கோட்டை. ஆட்டோகேடில் அந்த அளவைத் திறந்து, அடித்த எண்ணை அழித்துவிட்டு இதைப் போட்டால் உண்மையான அளவு திரும்பி வரும்:

```
<>
```

எல்லா அளவுகளையும் ஒருமுறை அப்படிப் பாருங்கள். எத்தனை இடத்தில் எண் மாறுகிறதோ அத்தனை இடத்தில் பிளான் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறது.

மனையை நேரில் அளந்துவிடுங்கள். நான்கு பக்கமும் இரண்டு மூலைவிட்டமும், ஆறு அளவு போதும். எல்லைக் கல்லின் எந்த முனையிலிருந்து எடுக்கிறீர்கள் என்பதை முதலில் மேஸ்திரியோடு பேசி முடிவு செய்யுங்கள். இரும்பு டேப் இருந்தால் நல்லது. ஃபைபர் டேப்பை இழுத்தால் நீளும், தளர்த்தினால் தொய்யும். ஆறு அளவையும் ஒரே டேப்பால், ஒரே ஆள் ஒரே இழுப்பில் எடுத்தால் அந்தப் பிழை ஓரளவு கட்டுக்குள் இருக்கும்.

குடியாத்தம் மேஸ்திரி

நான் கட்டுகிற ஆள். எங்கள் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ஸ்கெட்சில் நாங்கள் எழுதுவது எப்போதும் உள்ளளவு, பூச்சுக்கு முந்தியது. மேலே எழுதும் மொத்த அகலம் பெரும்பாலும் வீட்டுக்காரர் வாயிலிருந்து வருவது. "பக்கத்து வீடு 24, நமக்கும் அதே" என்பார். இரண்டையும் நாங்கள் கூட்டிப் பார்ப்பதில்லை என்பது உண்மைதான்.

பெட்ரூம் 11 என்று பிடிவாதமாக நின்றால் அதற்குக் காரணம் இருக்கும். 6 அடிக்கு ஆறரை அடி கட்டில், எதிர்ச்சுவரில் 2 அடி ஆழத்துக்கு அலமாரி. கட்டிலின் நீளமும் அலமாரியும் சேர்ந்து எட்டரை அடி. 11 அடி அறையில் கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே இரண்டரை அடி நடக்க இருக்கும், பூச்சு ஓர் அங்குலம் தின்றது போக. 10 அடி 1½ அங்குலம் என்றால் ஒன்றரை அடிதான். அலமாரிக் கதவைத் திறந்தால் ஆள் கட்டிலில் உட்கார வேண்டும். அந்த வீட்டம்மாவுக்கு அது தெரிந்திருக்கிறது, எண்ணாகச் சொல்லத் தெரியவில்லை. அறையில் என்ன போடப் போகிறீர்கள் என்று கேளுங்கள். எந்த எண் அசையாது என்று அப்போதே தெரிந்துவிடும்.

அளவு ஏன் மாறுகிறது என்றால், வீட்டுக்காரர் வீட்டை முதல்முறை பார்ப்பது மார்க்கிங் அன்றுதான். நூல் கட்டிச் சுண்ணாம்பு போட்டதும் வெறும் தரையில் அறை மிகச் சிறியதாகத் தெரியும். குடும்பமே கோட்டுக்குள் வந்து நிற்கும். "இதுதான் ஹாலா?" என்று முகம் வாடும். சுவர் எழுந்து கூரை போட்டால் அதே அறை பெரிதாகத் தெரியும் என்று நாங்கள் சொன்னாலும் அந்த நேரத்தில் கேட்க மாட்டார்கள். அங்கேயே ஒரு அடி கூட்டு என்பார்கள். அதை நாங்கள் வரைபவருக்கு அனுப்புகிறோம்.

காட்பாடி வரைமேசை

மேஸ்திரி அண்ணா, இதை இப்படி யாரும் எனக்குச் சொன்னதில்லை. மிக்க நன்றி. கேட்டுப் பார்த்தேன். அலமாரிதான். அவர்கள் ஏற்கெனவே ஒரு தேக்கு அலமாரி வைத்திருக்கிறார்கள், மாமியார் வீட்டுச் சீர். ஆக பெட்ரூம் 11 உறுதி. ஹாலைக் குறைக்க ஒப்புக்கொண்டார்கள்.

ஞாயிறு காலை மனைக்குப் போகிறேன்.

சத்துவாச்சாரி சிவில்

அளவெல்லாம் சரி, காசு விஷயத்தை யாரும் பேசவில்லையே. என் வழக்கம் இது: இரண்டு திருத்தம் இலவசம், மூன்றாவதிலிருந்து ஒவ்வொன்றுக்கும் 300 ரூபாய். வேலை எடுக்கும்போதே வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பிவிடுவேன். எழுதாமல் விட்டால் நம் உழைப்புக்கு யாரும் விலை கொடுக்க மாட்டார்கள்.

குடியாத்தம் மேஸ்திரி

தம்பி, மன்னிக்க வேண்டும், நான் அந்த 300-ஐக் கொடுக்க மாட்டேன். மாற்றச் சொன்னது வீட்டுக்காரர். அவரிடம் பிளானுக்கு என்று தனியாகக் கேட்டால் "சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசியதில் பிளானும் சேர்த்துத்தானே" என்பார். ஆறு வீட்டு வேலை தரும் ஆளை 300 ரூபாய்க்காக நீங்கள் இழப்பீர்கள். கதவை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் மாற்றுவதற்கும் ஒரு பில்லரை நகர்த்துவதற்கும் ஒரே கணக்கு வைத்தால் அது நியாயமும் இல்லை.

பழைய டிரேசிங் தாள்

மேஸ்திரி கடைசியில் சொன்ன வரிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. திருத்தங்களை எண்ணிக்கையால் அளக்காமல் வேலை எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதால் அளக்கலாம்.

நான் கடைசி ஆண்டுகளில் செய்தது இப்படி. மார்க்கிங்குக்கு முன்னால் ஒற்றைக் கோட்டுப் பிளான் மட்டும் கொடுப்பேன். சுவர் கனம், உள்ளளவு, மொத்தம், அவ்வளவுதான். கதவு ஜன்னல் பட்டியல், மின்சாரம், குழாய், முகப்பு எதையும் தொட மாட்டேன். அந்தத் தாளில் எத்தனை முறை மாற்றினாலும் எனக்கு அரை மணி நேர வேலை, காசு கேட்க மாட்டேன். அந்தத் தாளை வைத்துத்தான் மார்க்கிங். முடிந்தால் நானும் போவேன். கட்டிலின் அளவுக்கும் அலமாரியின் அளவுக்கும் சுண்ணாம்புக் கோடு போடச் சொல்வேன். குடும்பம் அதற்குள் நின்று பேசி முடித்த பிறகு, மாறிய அளவை அங்கேயே குறித்துக்கொண்டு, மேஸ்திரியும் வீட்டுக்காரரும் அந்தத் தாளிலேயே கையெழுத்து. முழுப் பிளான் அதற்குப் பிறகுதான்.

பில்லர் குழி தோண்டிவிட்டால் அடுத்த கட்டம். பிளிந்த் பீமுக்கு மேலே எழும் நாலரை அங்குலச் சுவரை நகர்த்துவது சிறிய திருத்தம். பில்லர் நகர்ந்தால் புதிய பிளான், புதிய தொகை. எந்த மேஸ்திரியும் இதற்கு என்னிடம் சண்டை போட்டதில்லை. தோண்டிய குழியின் செலவு அவருக்கே தெரியும்.

சத்துவாச்சாரி சிவில்

ஐயா சொல்வதில் ஒரு எச்சரிக்கை சேர்க்கிறேன். பில்லரை வரைபவரே நகர்த்தக் கூடாது. மேஸ்திரி போனில் "ஒரு அடி தள்ளு அம்மா" என்றதும் கோட்டை இழுத்துவிடுவது எளிது. ஆனால் பீமின் நீளம் மாறுகிறது, கம்பி மாறுகிறது. அதைக் கணக்குப் போட்டுக் கையெழுத்துப் போட்டவர் யாரோ அவரிடம் போய்த்தான் வர வேண்டும்.

அனுமதிப் பிளானையும் மறந்துவிடாதீர்கள். 2024 ஜூலையில் சுயசான்று முறை வந்த பிறகு, 2500 சதுர அடிக்குள் மனையும் 3500 சதுர அடிக்குள் கட்டடமும் இருக்கும் வீடுகளுக்கு ஆன்லைனிலேயே அனுமதி கிடைத்துவிடுகிறது. சான்று சொல்வது வீட்டுக்காரர். மீட்டரில் போட்ட அந்தப் பிளானில் காட்டிய சந்து ஒன்று, மனையில் நிற்பது வேறு என்றால் பொறுப்பும் அவருடையதுதான். அகலம் 10 அங்குலம் கூடியது என்று நாம் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது.

300 ரூபாய் விஷயத்தில் நான் இன்னும் மாறவில்லை. எல்லாராலும் மார்க்கிங்குக்கு நேரில் போக முடியாது. எனக்குத் திருப்பத்தூரிலிருந்தும் ஆரணியிலிருந்தும் வேலை வருகிறது.

காட்பாடி வரைமேசை

போய் அளந்துவிட்டு வந்தேன். காலை ஆறரைக்கே தொடங்கினோம், எட்டு மணிக்கு மேல் இந்த ஊர் வெயிலில் டேப் பிடிக்க முடியாது. மேஸ்திரி ஒரு முனை, நான் ஒரு முனை, அவருடைய மகன் நோட்டில் எழுதினான்.

முன்பக்கம், ரோட்டை ஒட்டி, 30 அடி. வடக்கு 40. தெற்கு 40. பின்பக்கம் 29 அடி 2 அங்குலம். தென்கிழக்கு மூலையிலிருந்து வடமேற்குக்கு மூலைவிட்டம் 50 அடி. வடகிழக்கிலிருந்து தென்மேற்குக்கு 49 அடி 6 அங்குலம். மேஸ்திரி இரண்டாவது மூலைவிட்டத்தைத் திரும்ப இழுக்கச் சொன்னார். அதே அரை அடி குறைந்தது.

பழைய டிரேசிங் தாள்

நல்ல வேலை செய்தீர்கள். இப்போது அந்த எண்களைப் பாருங்கள். 30, 40, 50. மேஸ்திரி மூலைமட்டம் பிடிக்கும் 3, 4, 5 கணக்கு அப்படியே விழுகிறது. ஆக வடகிழக்கு மூலை சரியான செங்கோணம், வடக்கு எல்லை நேர். தெற்கு எல்லைதான் பின்னால் போகப் போக உள்ளே சாய்ந்து, பின்மூலையில் 10 அங்குலத்தைத் தின்றுவிடுகிறது.

அதனால் முதல் நூல் வடக்கு எல்லையிலிருந்து. 3 அடி விட்டு அதற்கு இணையாக வீட்டின் வடக்குச் சுவர். அங்கிருந்து 24. தெற்குச் சந்து ரோட்டுப் பக்கம் 3 அடியில் தொடங்கி, பின்மூலையை நெருங்கும்போது 2 அடி 2 அங்குலத்துக்குக் குறையும். உங்கள் பழைய பிளான்படி 24 அடி 10½ அங்குலம் கட்டியிருந்தால் பின்னால் கிடைப்பது 1 அடி 3½ அங்குலம். அந்தச் சந்தில்தானே கழிவுக் குழாயும் சேம்பரும் போகும்? அடைப்பு வந்தால் ஆள் குனிய இடமில்லை.

பிளானில் மனையைக் கோணலாகவே வரையுங்கள். ஆறு அளவையும் எழுதுங்கள். அழகுக்காக நேராக்காதீர்கள்.

குடியாத்தம் மேஸ்திரி

ஐயா சொன்ன வடக்கு நூல் சரி. ஆனால் வீட்டுக்காரர்கள் சிலர் சந்து ஒரே அகலமாக வர வேண்டும் என்று நிற்பார்கள். தெற்குச் சுவரை எல்லைக்கு இணையாகச் சாய்த்துக் கட்டிக் கொடுத்த வீடுகளும் உண்டு. அறைக்குள் யாருக்கும் தெரிவதில்லை.

பழைய டிரேசிங் தாள்

டைல்ஸ் ஒட்டும் அன்று தெரியும், மேஸ்திரி. 2 அடி டைல்ஸ் வரிசையில் சுவர் ஓரத்துத் துண்டு ஒரு முனையில் 8 அங்குலம், மறு முனையில் 4 அங்குலம் என்று இளைத்துக்கொண்டே போகும். லாஃப்டும் அலமாரியும் மூலையில் இடுக்கு விடும். அந்தத் தேக்கு அலமாரி சுவரோடு ஒட்டி நிற்காது. எனக்கு அது மனசுக்கு ஒப்பவில்லை.

குடியாத்தம் மேஸ்திரி

டைல்ஸ் துண்டை அலமாரி மறைத்துவிடும், கோணல் சந்தைத் தினமும் கண்ணால் பார்க்க வேண்டும் என்பார்கள். அவரவர் வீடு. நான் இரண்டும் கட்டியிருக்கிறேன்.

பாலாற்று மணல்

என் பழைய பிளானைத் திறந்து பார்த்தேன். உள்சுவரில் நான் கொடுத்த கோட்டுக்குக் கொத்தனார் பில்லரையும் சுவரையும் நடுவாகவே வைத்துவிட்டார். இரண்டு பக்கமும் 2¼ அங்குலம் துருத்துகிறது. வீட்டுக்காரர் அதில் கடிகாரம் மாட்டியிருக்கிறார், குறை சொல்லவில்லை. ஆனால் அடுத்த வேலையில் இரண்டு தாள் கொடுப்பேன்.

ஒரு சந்தேகம். மேஸ்திரியின் போனில் மூன்று பிடிஎஃப் இருக்கிறது. மனையில் எதைத் திறக்கிறார் என்று எனக்குத் தெரிவதில்லை. இதற்கு என்ன செய்கிறீர்கள்?

காட்பாடி வரைமேசை

தம்பி, இதில் எனக்கு ஒரு அனுபவம் உண்டு. கோப்பின் பெயரில் தேதி போடுவது போதாது, போனில் பெயர் பாதிதான் தெரியும். தாளின் வலது கீழ்மூலையில் திருத்த எண்ணைப் பெரிதாக, ஒரு செங்கல் அளவுக்குப் போடுகிறேன். புதியதை அனுப்பும்போது பழையதை வாட்ஸ்அப்பில் எல்லாருக்கும் அழித்துவிடுகிறேன். அதற்கு நேரம் கடந்துவிட்டால் "3 ரத்து, 4 மட்டும்" என்று குரல் பதிவு. அவர்கள் எழுத்தைவிடக் குரலை நம்புகிறார்கள். மாறிய இடத்தைச் சுற்றி `REVCLOUD` போட்டுச் சிவப்பாக விடுகிறேன்.

ஜெராக்ஸ் கடையில் ஏ4 தாளுக்குள் அடக்கி எடுத்துவிடுவார்கள், அதனால் எந்தப் பிளானிலும் அளவுகோல் வைத்து அளக்கக் கூடாது என்று தமிழில் ஒரு வரி எழுதியிருக்கிறேன்.

இப்போது இந்த வேலையில் மிச்சம் இருப்பது படிக்கட்டு. 10 அடி 6 அங்குலத்துக்கு 126 அங்குலம், 7 அங்குலம் வீதம் 18 ஏற்றம், ஒரு பக்கத்துக்கு ஒன்பது. 10 அங்குல மிதி எட்டு, 3 அடி லேண்டிங். நீளம் 9 அடி 8 அங்குலத்தில் முடிந்தது. பிறகுதான் மேஸ்திரி 11 அடி என்றார். இந்த இழையில் படித்ததை வைத்து, கோட்டைத் தொடாமல் முதலில் கேட்டேன்: "அண்ணா, 11 என்பது எங்கிருந்து எங்கே?"

குடியாத்தம் மேஸ்திரி

நல்ல கேள்வி. என்ன சொன்னார்?

காட்பாடி வரைமேசை

"உள்ளே நின்றால் பத்தரை கிடைக்க வேண்டும் அம்மா, கான்கிரீட்டோடு சேர்த்து 11 என்று சொன்னேன்" என்றார். அப்படியானால் உள்ளுயரம் 10 அடி 6, கான்கிரீட் 5 அங்குலம், மேலே தரை வேலைக்கு 2 அங்குலம். தரைக்குத் தரை 11 அடி 1 அங்குலம். 133 அங்குலம், 7 வீதம் 19 ஏற்றம். ஒரு பக்கம் பத்து, ஒரு பக்கம் ஒன்பது. பத்து உள்ள பக்கத்தில் மிதி ஒன்று கூடுகிறது, நீளம் 10 அடி 6. அந்த 10 அங்குலம் சமையலறையிலிருந்துதான் வர வேண்டும். 8 அடி 6 என்பது 7 அடி 8 ஆகும்.

ஏற்றத்தை 18-லேயே நிறுத்தினால் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 7⅜ அங்குலம். நீளம் மாறாது, சமையலறை பிழைக்கும். ஆனால் வீட்டில் முழங்கால் வலியோடு ஒரு பாட்டி இருக்கிறார், மாடியில்தான் பூஜை அறை என்கிறார்கள். நான் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. இரண்டையும் எழுதி அனுப்பிவிட்டேன்.

பழைய டிரேசிங் தாள்

மூன்றாவதையும் அனுப்புங்கள். உள்ளுயரம் பத்தரையை 10 அடி 3 ஆக்கினால் 130 அங்குலம், 18 ஏற்றம், ஒவ்வொன்றும் ஏழேகாலுக்குச் சற்றுக் கீழே. மூன்று அங்குலம் கூரை தாழ்ந்தால் யாருக்கும் தெரியாது என்று நினைக்கிறேன்.

காட்பாடி வரைமேசை

அனுப்பிவிட்டேன், ஐயா. சமையல் மேடைக்குக் கடப்பைக் கல் ஏற்கெனவே சொல்லிவிட்டார்களாம், அதன் நீளம் எவ்வளவு என்று அம்மாவிடம் கேட்டுவிட்டு நாளை காலை சொல்வதாக மேஸ்திரி சொல்கிறார். மார்க்கிங் வெள்ளிக்கிழமை. நானும் போகிறேன்.